சலவை இயந்திரக் கதவு ரப்பரில் படியும் கரும்பூஞ்சை: காரணமும் தூய்மை செய்யும் முறையும்

முன்புறம் கதவுள்ள சலவை இயந்திரத்தில் தண்ணீர் வெளியே வராமல் தடுப்பதற்குக் கதவைச் சுற்றி ஒரு ரப்பர் வளையம் பொருத்தப்பட்டிருக்கும். அதன் மடிப்பை விரலால் விலக்கிப் பார்த்தால், பல வீடுகளில் கரும்புள்ளிகளும் வழவழப்பான படிவும் காணப்படும். அது பூஞ்சை. 2021ஆம் ஆண்டு கோவிட் நோயாளிகளிடையே பரவலாகப் பேசப்பட்ட 'கருப்புப் பூஞ்சை நோய்' என்று இதனைக் கருதி அஞ்ச வேண்டாம். அந்த நோயை உண்டாக்குபவை மியூக்கோரேல்ஸ் என்னும் வேறு வகைப் பூஞ்சைகள். நோயால் அழிந்த திசு கருமையாகத் தெரிந்ததால் அப்பெயர் வந்தது. எனினும், ஆஸ்துமா, ஒவ்வாமை, நாட்பட்ட நுரையீரல் நோய் உள்ளவர்களுக்கும் நோய் எதிர்ப்பாற்றல் குறைந்தவர்களுக்கும் ரப்பரில் வளரும் பூஞ்சையும் தொல்லை தரக்கூடும்.

பூஞ்சைக்கு ஈரமும் உணவும் வேண்டும். மடிப்பில் இவ்விரண்டும் கிடைக்கின்றன. சலவை முடிந்தபின் மடிப்பின் அடிப்பகுதியில் சிறிதளவு நீர் தங்குகிறது. துணியிலிருந்து வரும் நூல் துகள், முடி, உடல் எண்ணெய்ப் பசை, கரையாத சலவைத்தூள் ஆகியவை அந்நீரில் சேர்கின்றன. இவையே பூஞ்சைக்கு உணவாகின்றன. துணியை மென்மையாக்கும் திரவம் பிசுபிசுப்பான படிவை விட்டுச்செல்வதால் நிலைமை இன்னும் மோசமாகிறது.

ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். இரவு பத்து மணிக்குக் குளிர்ந்த நீரில், திரவச் சலவைப்பொருளுடன் துணி போடப்படுகிறது. காலையில்தான் துணி வெளியே எடுக்கப்படுகிறது. எடுத்தவுடன் கதவு மூடப்படுகிறது. அடுத்த சலவை மூன்று நாள் கழித்து. இடைப்பட்ட நேரம் முழுவதும் இயந்திரத்தின் உட்புறம் இருட்டாகவும் ஈரமாகவும் காற்றோட்டமின்றியும் இருக்கிறது. திரவச் சலவைப்பொருள்களில் பெரும்பாலும் வெளுப்பான் இருப்பதில்லை. குளிர்நீரும் பூஞ்சையைக் கொல்வதில்லை. இந்த வீட்டில் மாதந்தோறும் ரப்பரைத் தேய்த்துக் கழுவினாலும் புள்ளிகள் திரும்பத் திரும்பத் தோன்றும்.

தூய்மை செய்யத் தொடங்கும் முன் மின்இணைப்பைத் துண்டித்து, சன்னல்களைத் திறந்து, ரப்பர் கையுறையும் முகக்கவசமும் அணிந்துகொள்ளுங்கள். ஆஸ்துமா உள்ளவர் இப்பணியை வேறொருவரிடம் விடுவது நல்லது. பூஞ்சையை உலர்ந்த நிலையில் சுரண்டினால் அதன் நுண்வித்துகள் காற்றில் பறக்கும். ஆகவே முதலில் ஈரத்துணியால் துடையுங்கள். மடிப்பில் சிக்கிய முடி, நாணயம், நூல் முடிச்சு ஆகியவற்றை எடுத்துவிடுங்கள். பல இயந்திரங்களில் வளையத்தின் அடிப்பகுதியில் சிறு வடிதுளைகள் உண்டு. பெரும்பாலோர் அவற்றைக் கவனிப்பதே இல்லை. அவை அடைபட்டிருந்தால் எவ்வளவு கழுவினாலும் நீர் தேங்கும். பழைய பல்துலக்கியால் அடைப்பை நீக்குங்கள்.

பின்னர் சலவைச் சோப்புக் கரைசலால் படிவைத் தேய்த்து நீக்கி, நீரால் துடையுங்கள். அடுத்து ஒரு லிட்டர் நீரில் வீட்டு உபயோக பிளீச்சிங் திரவம் 60 மில்லி கலந்து, அதில் நனைத்த துணியை மடிப்புக்குள் சுற்றிலும் செருகிப் பத்து நிமிடம் விடுங்கள். வெறுமனே தெளித்தால் திரவம் வழிந்துவிடும். துணி அதனைப் பூஞ்சையின் மேல் நிறுத்திவைக்கும். பிறகு துணியை எடுத்துவிட்டு, நல்ல நீரால் இருமுறை துடையுங்கள். பிளீச்சிங் திரவத்துடன் வினிகரையோ, கழிவறை தூய்மை செய்யும் அமிலத்தையோ, அம்மோனியா கலந்த பொருளையோ ஒருபோதும் சேர்க்காதீர்கள். நுரையீரலைப் பாதிக்கும் நச்சு வாயு உருவாகும். 'இரண்டையும் சேர்த்தால் நன்றாக வெளுக்கும்' என்று எண்ணிச் செய்வோர் உள்ளதால் இதனை அழுத்தமாகக் கூறுகிறோம்.

இறுதியாக மின்இணைப்பைக் கொடுத்து, துணியின்றி 60 டிகிரி செல்சியசிலோ, "Tub Clean" போன்ற சுழற்சியிலோ ஒருமுறை ஓட்டுங்கள். அடுத்து ஒருமுறை பழைய வெள்ளைத் துணியை மட்டும் போட்டுத் துவையுங்கள்; எஞ்சிய பிளீச் இருந்தால் வண்ணத் துணியில் வெளிறிய திட்டு விழும்.

கழுவிய பின்னும் சில கருந்தடங்கள் மறையாமலிருக்கலாம். நனைந்த வெள்ளைத் துணியால் அழுத்தித் துடைத்துப் பாருங்கள். துணியில் கருமை ஒட்டாமலும் பூசண வாடை இல்லாமலும் இருந்தால், அது ரப்பரில் ஊறிய கறை என்று கொள்ளலாம். கருமை ஒட்டினால் மேற்கூறிய முறையை மீண்டும் ஒருமுறை செய்யுங்கள். அதன்பின்னும் வாடை நீடித்தாலோ, ரப்பர் கிழிந்து பிசுபிசுத்தாலோ, பழுதுபார்ப்பவர் மூலம் வளையத்தை மாற்றுவதே வழி.

இனி ஈரம் தங்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். சலவை முடிந்தவுடன் துணியை எடுத்து, உலர்ந்த துணியால் மடிப்பின் உட்புறத்தையும் கதவுக் கண்ணாடியையும் துடையுங்கள்; இதற்கு ஒரு நிமிடம் போதும். சலவைப்பொருள் ஊற்றும் பெட்டியையும் சற்று இழுத்து வையுங்கள். கதவை நான்கு விரல் அகலம் திறந்தே விடுங்கள். சிறு குழந்தைகள் உள்ளே ஏறிக் கதவை மூடிக்கொள்ளும் அபாயம் உண்டு. அத்தகைய வீடுகளில் உட்புறத்தை நன்கு துடைத்தபின், பெரியவர் அருகில் இருக்கும் நேரத்தில் மட்டும் கதவைத் திறந்து வைத்து உலரவிடுங்கள். மாதம் ஒருமுறையாவது வெந்நீரில், வெளுப்பான் கலந்த சலவைத்தூளுடன் வெள்ளைத் துணிகளைத் துவைப்பதும் பூஞ்சையைக் கட்டுப்படுத்தும். துணி துவைக்கும்போது இருமலோ மூச்சிரைப்போ ஏற்பட்டு, தூய்மை செய்த பின்னும் தொடர்ந்தால், மருத்துவரை அணுகுங்கள்.