படம் மட்டும் ஏன் மறைந்தது?

சென்ற தவணையில் எங்கள் கழகம் ஒரு திரைப்பட மாலைக்கு ஏற்பாடு செய்திருந்தது. படத்தைத் திரையிட முறையாக அனுமதி பெற்றிருந்தோம். இணையவழிப் படச்சேவைக்குச் சந்தாவும் கட்டியிருந்தோம். மடிக்கணினியை ஓர் இணைப்பான் மூலம் விரிவுரை மண்டபத்தின் பழைய வி.ஜி.ஏ. படவீழ்த்தியோடு இணைத்தோம். கணினியின் முகப்பு திரையில் பளிச்சென்று தெரிந்தது. ஆனால் படத்தை ஓடவிட்டதும், படம் தெரிய வேண்டிய இடம் மட்டும் கறுத்துப் போனது. வசனம் கேட்டது, கீழே துணையுரையும் ஓடியது. அறுபது பேர் இருட்டைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

கம்பியில் பழுது இருந்தால் முகப்பே தெரிந்திருக்காது. ஆகவே இது பழுதன்று, மறுப்பு. மறுத்தது எச்.டி.சி.பி. எனும் பாதுகாப்பு முறை. இன்டெல் நிறுவனம் உருவாக்கிய இம்முறை, எச்.டி.எம்.ஐ. கம்பி வழியே செல்லும் படத்தை நடுவில் யாரும் பதிவு செய்துவிடாமல் காக்கிறது.

கம்பியின் இரு முனைகளும் ஒன்றையொன்று எப்படி நம்புகின்றன? உரிமம் பெற்ற ஒவ்வொரு கருவிக்கும் தொழிற்சாலையிலேயே 40 இரகசியச் சாவிகளும், வெளியே சொல்லக்கூடிய ஓர் அடையாள எண்ணும் தரப்படுகின்றன. அந்த எண்ணில் 20 ஒன்றுகளும் 20 சுழியங்களும் இருக்கும். இரு கருவிகளும் அடையாள எண்ணை மட்டும் மாற்றிக்கொள்ளும், சாவிகளைக் காட்டுவதில்லை.

எளிமைக்காக நாற்பதுக்குப் பதில் நான்கு சாவிகள் என்று கொள்வோம். மடிக்கணினியின் அடையாளம் 1100; அதன் சாவிகள் 7, 9, 7, 5. தொலைக்காட்சியின் அடையாளம் 0110. அதன் சாவிகள் 6, 10, 9, 9. எதிராளியின் எண்ணில் எங்கெங்கே ஒன்று உள்ளதோ, அந்த இடத்துச் சாவிகளை ஒவ்வொன்றும் தனக்குள் கூட்டிக்கொள்ள வேண்டும். மடிக்கணினி தன் இரண்டாம், மூன்றாம் சாவிகளைக் கூட்டுகிறது: 9 + 7 = 16. தொலைக்காட்சி தன் முதல், இரண்டாம் சாவிகளைக் கூட்டுகிறது: 6 + 10 = 16. விடை ஒன்றே! எல்லாச் சாவிகளும் ஒரே மூல இரகசிய அட்டவணையிலிருந்து கணக்கிடப்பட்டதால்தான் இந்தப் பொருத்தம் அமைகிறது. இந்தப் பொது விடையைக் கொண்டே படம் மறையாக்கம் செய்யப்பட்டுக் கம்பியில் அனுப்பப்படுகிறது. முதல் பதிப்புகளில், அதன் பின்னும் 128 படச்சட்டங்களுக்கு ஒருமுறை, அதாவது ஏறக்குறைய இரண்டு விநாடிக்கு ஒருமுறை, பொருத்தம் சரிபார்க்கப்படும். கம்பி தளர்ந்திருந்தால் படம் விட்டுவிட்டு மறைவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இப்போது எங்கள் மண்டபத்திற்கு வருவோம். வி.ஜி.ஏ. என்பது மின்னிலக்கக் காலத்திற்கு முந்தைய அலைவடிவ இணைப்பு. அதில் இந்த மறையாக்கத்திற்கு இடமில்லை. எங்கள் இணைப்பானிடம் சாவிகளும் இல்லை. மடிக்கணினி கேட்ட கேள்விக்கு மறுமொழி வராததால், பாதுகாக்கப்பட்ட படத்தை மட்டும் அது நிறுத்திக்கொண்டது. துணையுரையை உலாவி தனியாக வரைவதால் அது தடைபடவில்லை. படப்பிடிப்புக் கருவிகளின் கதையும் இதுவே. மறையை அவிழ்த்த படத்தைத் திறந்தநிலையில் வெளியே தரக்கூடாது என்பது உரிம விதி. எனவே முறையான பதிவுக் கருவி கறுப்புத் திரையையே பதிவு செய்யும். பிளேஸ்டேஷன் 4 இதற்கு நல்ல சான்று. அதில் இப்பாதுகாப்பை அணைத்தால் விளையாட்டைப் பதிவு செய்யலாம். ஆனால் படச்சேவைச் செயலிகள் ஓடமாட்டா.

இந்தப் பூட்டு உடைபடாததா? இல்லை. மேலே கண்டதுபோல் கணக்கு வெறும் கூட்டல்தான். போதிய கருவிகளின் சாவிகள் கிடைத்தால் மூல அட்டவணையையே கண்டுபிடித்துவிடலாம் என்று 2001இல் ஆய்வாளர்கள் எச்சரித்தனர். 2010 செப்டம்பரில் அந்த அட்டவணை இணையத்தில் வெளியானது. அது மெய்யானதே என்று இன்டெல் உறுதி செய்தது. பின்னர் வந்த 2.2 பதிப்பு வேறுவகை மறையாக்கத்தைப் பயன்படுத்துகிறது. 4கே படங்களுக்கு இப்பதிப்பே பொதுவாகக் கேட்கப்படுகிறது. நடுவில் ஒரு பழைய கருவி இருந்தாலும் படம் தெளிவு குறைந்து வரும், அல்லது வராமலே போகும்.

உங்களுக்கும் இப்படி நேர்ந்தால், முதலில் இணைப்பானைக் கழற்றிவிட்டு மடிக்கணினியின் திரையிலேயே படத்தை ஓடவிடுங்கள். அங்கே ஓடினால் குறை இணைப்பு வழியில்தான். அடுத்து, இடையில் உள்ள பிரிப்பான்களை ஒவ்வொன்றாக விலக்கி, எச்.டி.எம்.ஐ. உள்ள திரையோடு நேரே இணைத்துப் பாருங்கள்.

நாங்கள் அன்று அதைத்தான் செய்தோம். பக்கத்துக் கருத்தரங்க அறையில் ஒரு தொலைக்காட்சி இருந்தது. அறுபது பேரில் முப்பது பேருக்கே அங்கு இடம் கிடைத்தது. களவைத் தடுக்க வைத்த பூட்டு, காசு கட்டியவர்களையே வெளியே நிறுத்தியது. அடுத்த திரையிடலுக்கு ஒரு நாள் முன்பே, அதே கணினி, அதே கம்பி, அதே படத்தோடு மண்டபத்தில் ஒத்திகை பார்ப்பதென்று முடிவு செய்திருக்கிறோம்.