நெடுந்தொலைவு வானூர்திப் பயணமும் ஆழ்சிரை இரத்த உறைவும்: கூடுதல் தற்காப்பு யாருக்குத் தேவை?

ஆய்வுச் சுருக்கம்

நான்கு மணி நேரத்திற்கு மேற்பட்ட பயணம் காலின் ஆழ்சிரைகளில் இரத்தம் உறையும் வாய்ப்பை உயர்த்துகிறது. எனினும் உடல்நலமுள்ள பயணிக்கு அவ்வாய்ப்பு மிகச் சிறியது. அவருக்கு எழுந்து நடப்பதற்கு மேல் வேறு எதுவும் தேவைப்படுவதில்லை. நடத்தலும் நீர் அருந்தலும் போதாத ஒரு சிறு பிரிவினரும் உள்ளனர். அவர்கள் யார், அவர்களுக்கு உரிய தற்காப்பு எது என்பதை, முழங்கால் மாற்று அறுவைக்குப் பின் பயணம் செய்யும் ஒருவரை எடுத்துக்காட்டாகக் கொண்டு இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச் சொற்கள்: ஆழ்சிரை இரத்த உறைவு, நுரையீரல் தமனி அடைப்பு, அழுத்தக் காலுறை, ஹெப்பாரின், நெடும்பயணம்.

முன்னுரை

இச்சிக்கல் வானூர்தியோடு பிறந்ததன்று. 1940இல் இலண்டன் மாநகரம் குண்டுவீச்சுக்கு உள்ளானபோது, பதுங்கிடங்களில் சாய்வு நாற்காலிகளில் இரவெல்லாம் அமர்ந்திருந்த சிலர் நுரையீரல் தமனி அடைப்பால் திடீரென இறந்தனர். தடயவியல் மருத்துவர் கீத் சிம்ப்சன் இவ்விறப்புகளை ஆராய்ந்தார். நாற்காலியின் முன்விளிம்பு தொடையின் பின்புறத்தை அழுத்திச் சிரை ஓட்டத்தைத் தடுத்ததே காரணம் என்று அவர் சுட்டினார். 1954இல் அமெரிக்க அறுவை மருத்துவர் ஜான் ஹோமன்ஸ், நெடுநேரம் அமர்ந்திருந்தவர்களுக்கு ஏற்பட்ட இரத்த உறைவைப் பதிவு செய்தபோது அவர்களுள் வானூர்திப் பயணியும் இடம்பெற்றார். பின்னாளில் பரவிய ‘எகானமி கிளாஸ் சிண்ட்ரோம்’ என்னும் பெயர் பொருத்தமற்றது. உயர்வகுப்பில் பயணம் செய்வோருக்கும் இரத்தம் உறைகிறது. நெடுந்தொலைவுப் பேருந்து, மகிழுந்து, தொடர்வண்டிப் பயணங்களிலும் உறைகிறது.

உறைவு தோன்றும் முறை

காலிலிருந்து இதயத்திற்கு இரத்தத்தை மேலேற்றுவது பெரும்பாலும் கெண்டைக்கால் தசையே. நடக்கும்போது அது சுருங்கி விரிந்து சிரைகளைப் பிழிகிறது. முழங்கால் மடிந்து அசைவின்றி அமர்ந்திருக்கும்போது இந்த இயக்கம் நின்று, சிரை வால்வுகளின் பின்புறக் குழிகளில் இரத்தம் தேங்குகிறது. அங்கே தோன்றும் சிறு கட்டி பெரும்பாலும் தானே கரைந்துவிடும். கரையாது தொடைவரை வளர்ந்து, அதிலிருந்து ஒரு துண்டு பிரிந்து நுரையீரலை அடைவதே உயிருக்கு ஊறு விளைவிப்பது.

வானூர்தியின் குறைந்த காற்றழுத்தமும் உயிர்வளிக் குறைவும் இதற்குத் துணைபுரிகின்றனவா என்பது நெடுநாள் விவாதம். 2006இல் வெளிவந்த இரு ஆய்வுகள் இதனை நேரடியாகச் சோதித்தன. ஓர் ஆய்வு, உடல்நலமுள்ள தன்னார்வலர்களை எட்டு மணி நேரம் காற்றழுத்தம் குறைந்த அறையில் அமர்த்தியது. உறைதல் குறிகளில் குறிப்பிடத்தக்க மாற்றம் காணப்படவில்லை. மற்றோர் ஆய்வு, ஒரே நபர்களை எட்டு மணி நேர வானூர்திப் பயணத்திலும், அதே அளவு நேரம் திரைப்படம் பார்க்க அமர வைத்தும், வழக்கமான அன்றாட நடமாட்டத்திலும் ஒப்பிட்டது. சிலரிடம், குறிப்பாக ஃபாக்டர் வி லைடன் என்னும் மரபு மாற்றத்தோடு கருத்தடை மாத்திரையும் உட்கொண்ட பெண்களிடம், வானூர்தியில் மட்டும் உறைதல் தூண்டப்பட்டது. எளிதில் உறையும் இயல்புடையோரிடம் அமர்ந்திருத்தலுக்கு அப்பால் வேறொன்றும் செயல்படக்கூடும் என்பதே இவ்விரண்டிலிருந்து பெறப்படுவது.

நீர் குறைவதால் இரத்தம் கெட்டிப்பட்டு உறைகிறது என்னும் பரவலான நம்பிக்கைக்கு உறுதியான சான்று இல்லை. நீர் அருந்துதல் தீங்கற்றது. அடிக்கடி எழுந்து செல்லவும் வைக்கும். ஆனால் அதனை மருந்தாகக் கருதுவது பிழை.

வாய்ப்பின் உண்மை அளவு

உலகச் சுகாதார நிறுவனத்தின் ஆய்வுத் திட்டம் 2007இல் வெளியிட்ட முடிவின்படி, நான்கு மணி நேரத்திற்கு மேற்பட்ட பயணம் சிரை உறைவின் வாய்ப்பை இரு மடங்கு முதல் மும்மடங்கு வரை உயர்த்துகிறது. ‘மும்மடங்கு’ என்னும் சொல் அச்சமூட்டுவது. ஆனால் அதே ஆய்வு, உடல்நலமுள்ளவர்களில் ஏறத்தாழ 6000 பேருக்கு ஒருவர் என்ற அளவிலேயே அத்தகைய பயணத்தின் பின் உறைவு நேர்கிறது என்றும் கணக்கிட்டது. தரையிறங்கிய உடனே மூச்சுத் திணறலுடன் மருத்துவமனைக்குக் கொண்டு செல்லப்படும் கடும் நுரையீரல் அடைப்பு இன்னும் அரியது. பாரிசின் சார்லஸ் டி கோல் விமான நிலையத்திற்கு வந்த பயணிகளை ஆராய்ந்து 2001இல் வெளிவந்த கட்டுரை, 5000 கிலோமீட்டருக்கு மேல் பயணித்தோரில் பத்து இலட்சத்திற்கு 1.5 பேருக்கும், 10,000 கிலோமீட்டருக்கு மேல் பயணித்தோரில் 4.8 பேருக்கும் அது நேர்ந்ததாகக் காட்டியது. தொலைவு கூடக்கூட வாய்ப்பு கூடுகிறது என்பதற்கு இது தெளிவான சான்று.

எனவே பயணம் தனித்து நின்று உறைவை உண்டாக்குவது அரிது. ஏற்கெனவே உயர்ந்திருக்கும் வாய்ப்பை அது மேலும் பெருக்குகிறது. சிறிய எண்ணை மூன்றால் பெருக்கினாலும் அது சிறியதே. பெரிய எண்ணைப் பெருக்கும்போதுதான் கவலைக்கு இடமுண்டு.

கூடுதல் தற்காப்பு தேவைப்படுவோர்

அமெரிக்க இரத்தவியல் கழகம் 2018இல் வெளியிட்ட வழிகாட்டுதல் இப்பகுப்பைத் தெளிவாகச் செய்கிறது. முன்பு ஆழ்சிரை உறைவு ஏற்பட்டவர்கள், அண்மையில் அறுவை செய்துகொண்டவர்கள், மகப்பேறு முடிந்து சில வாரங்களே ஆனவர்கள், புற்றுநோய் உடலில் செயல்படும் நிலையில் உள்ளவர்கள் ஆகியோர் முதல் வரிசையினர். உடற்பருமன், கருவுற்றிருத்தல், ஹார்மோன் சிகிச்சை போன்றவற்றில் ஒன்று மட்டும் இருப்பவர் இவ்வரிசையில் சேரார். இரண்டு கூடினால் சேர்வார். இப்பிரிவினர் நான்கு மணி நேரத்திற்கு மேல் பயணம் செய்யும்போது அழுத்தக் காலுறை அல்லது தடுப்பளவு ஹெப்பாரின் ஊசியைக் கருதலாம் என்றும், அவை இயலாதபோது மட்டும் ஒன்றும் செய்யாதிருப்பதைவிட ஆஸ்பிரின் மேலென்றும் அது கூறுகிறது. ஏனையோருக்குக் காலுறை, ஊசி, ஆஸ்பிரின் ஆகிய மூன்றையும் அது பரிந்துரைக்கவில்லை.

நடைமுறையிலோ இது தலைகீழாக நிகழ்வதைக் காணலாம். சென்னையிலிருந்து இலண்டனுக்கு மகளின் பேறுகாலத்திற்குச் செல்லும் ஒரு தம்பதியைக் கற்பனை செய்துகொள்ளலாம். தந்தைக்கு வயது 66; நோயேதும் இல்லை; அண்டைவீட்டார் சொன்னதைக் கேட்டு ஆஸ்பிரின் விழுங்கிவிட்டுப் புறப்படுகிறார். தாய்க்கு வயது 61. இடது முழங்கால் மாற்று அறுவை முடிந்து ஐந்து வாரம். உடல் நிறைக் குறியெண் 32. அவரோ நீர்ப்புட்டியை மட்டும் நம்புகிறார். தந்தைக்கு அம்மாத்திரையால் கிடைக்கும் பயன் கணக்கில் கொள்ளத்தக்கதன்று. இரைப்பைக் குருதிக்கசிவு என்னும் தீங்கு மட்டும் எஞ்சுகிறது. தாயின் நிலையே வேறு.

முழங்கால் மாற்றுக்குப் பின் உறைவைத் தடுக்கும் மருந்து பொதுவாக இரண்டு முதல் ஐந்து வாரங்கள் வரை தரப்படும். அது நிறுத்தப்பட்டதும் ஆபத்து நீங்கிவிட்டதாகக் குடும்பத்தார் கருதுகின்றனர். ஆனால் அறுவைக்குப் பிந்தைய உறைவு வாய்ப்பு மூன்றாம் வாரத்தில் உச்சத்தை அடைந்து, பன்னிரண்டு வாரங்கள் வரை குறிப்பிடத்தக்க அளவில் நீடிப்பதைப் பிரித்தானியப் பெண்களிடம் நடந்த பேராய்வு காட்டியுள்ளது. இத்தாய் புறப்படும் நாள், மருந்து நின்றும் வாய்ப்பு தணியாத இடைவெளியில் விழுகிறது. முதல் அறிவுரை பயணத்தை ஒத்திவைப்பதே. பேறுகாலம் ஒத்திவைக்க இயலாதது என்பதால், எலும்பு மருத்துவரிடம் பயண நாளையும் மொத்த நேரத்தையும் சொல்லி முடிவெடுக்க வேண்டும். இடைநிறுத்தத்துடன் கூடிய பயணமாயின் இரு பகுதிகளையும் சேர்த்தே நேரத்தைக் கணக்கிட வேண்டும்.

அவர் ஹெப்பாரின் பரிந்துரைத்தால், தோலடியில் போடப்படும் ஒற்றை ஊசி புறப்பாட்டிற்குச் சில மணி நேரம் முன்பு போடப்படுவது வழக்கம். அதற்கு முன் சிறுநீரகச் செயல்பாட்டை அறிந்துகொள்வது இன்றியமையாதது. நெடுநாள் நீரிழிவு உள்ளவரிடம் மருந்து உடலில் தேங்கிக் குருதிக்கசிவை உண்டாக்கக்கூடும். இதய நோய்க்காக ஏற்கெனவே உறைவெதிர் மருந்து உட்கொள்பவருக்குக் கூடுதல் ஊசி தேவையில்லை. தவறாமல் உட்கொள்வதே போதும்.

காலுறையைப் பற்றிய சான்று சற்று வியப்பானது. ஏறத்தாழ 2900 பயணிகளை உள்ளடக்கிய சோதனைகளைத் தொகுத்த காக்ரேன் மீளாய்வு, அறிகுறியற்ற உறைவு காலுறையால் பத்தில் ஒரு பங்காகக் குறைவதைக் கண்டது. ஆனால் அச்சோதனைகளில் எவருக்கும் அறிகுறியுள்ள உறைவோ, நுரையீரல் அடைப்போ, இறப்போ நேரவில்லை. ஆதலால் காலுறை உயிர்காக்கிறது என்று கூற முடியாது. உறைவின் தொடக்கத்தைத் தடுக்கிறது என்று மட்டுமே கூறலாம். கணுக்காலில் 15 முதல் 30 மில்லிமீட்டர் பாதரச அழுத்தம் தருவதும், கணுக்கால், கெண்டைக்கால் சுற்றளவை அளந்து வாங்கியதுமான, முழங்காலுக்குக் கீழ் நிற்கும் காலுறையே பொருந்தும். மேல்விளிம்பு சுருண்டு கயிறுபோல் இறுகினால் அது சிம்ப்சனின் நாற்காலி விளிம்பாக மாறிவிடும். காலுக்குச் செல்லும் தமனிகளில் அடைப்போ, பாதத்தில் ஆறாத புண்ணோ உள்ளவர் இதனை அணியலாகாது.

உயரமும் கருதத்தக்கது. நெதர்லாந்தில் நடந்த ஆய்வு, மிக உயரமானவர்களிடம் மட்டுமன்றி, 160 சென்டிமீட்டருக்குக் குறைந்தவர்களிடமும் வானூர்திப் பயணத்தின் பின் உறைவு கூடியதைக் கண்டது. பாதம் தரையில் ஊன்றாமல் இருக்கை விளிம்பு தொடையை அழுத்துவது காரணமாகலாம். அப்பிரிவில் இருந்தோர் மிகச் சிலரே என்பதால் முடிவை உறுதியாகக் கொள்ள இயலாது. எனினும் தமிழகப் பெண்களில் பெரும்பாலோர் அவ்வுயரத்திற்கு உட்பட்டவர்கள் என்பதால், காலடியில் சிறு பையை வைத்துப் பாதத்தை ஊன்றிக்கொள்ளுதல் செலவில்லாத நற்பழக்கம். மேற்கண்ட எண்கள் பெரும்பாலும் ஐரோப்பியரிடமிருந்து பெறப்பட்டவை என்பதையும், ஃபாக்டர் வி லைடன் அவர்களைவிட இந்தியரிடம் அரிதாகவே காணப்படுகிறது என்பதையும் இங்கு நினைவிற்கொள்ள வேண்டும்.

தரையிறங்கிய பின்

உறைவு பெரும்பாலும் பயணத்தின்போது வெளிப்படுவதில்லை. முதல் இரு வாரங்களில் வாய்ப்பு மிகுந்து, எட்டு வாரங்களில் இயல்புநிலைக்குத் திரும்புகிறது. இரு கணுக்கால்களும் ஒருசேர வீங்கி ஓரிரு நாளில் வடிவது நீர்த்தேக்கமே. ஒரு கால் மட்டும் வீங்கி, கெண்டைக்காலில் வலியும் வெப்பமும் தோன்றினால் டாப்ளர் ஸ்கேன் தேவை. மூச்சுத் திணறல், மூச்சிழுக்கும்போது நெஞ்சுவலி, இருமலில் இரத்தம் ஆகியவை அவசர சிகிச்சைக்குரியன.

மேற்கண்ட தாயிடம் இதனை அறிவது எளிதன்று. அறுவை செய்த கால் எப்படியும் வீங்கியே இருக்கும்; டி-டைமர் இரத்தப் பரிசோதனையும் அறுவையின் காரணமாக உயர்ந்தே காட்டும். ஆகவே புறப்படும் முன் இரு கெண்டைக்கால்களின் சுற்றளவையும் நாடாவால் அளந்து குறித்துக்கொள்வது பயனுடையது. பின்னர் அதே இடத்தில் அளந்து வேறுபாடு வளர்ந்தால், பரிசோதனைக்குக் காத்திராமல் நேரே ஸ்கேனுக்குச் செல்லலாம். இலண்டனில் பார்க்கும் மருத்துவரிடம் அறுவை நாளையும் பயண நாளையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

மூன்று மாதம் கழித்துத் திரும்பும்போது அவர் அறுவையின் பன்னிரண்டு வார எல்லையைக் கடந்திருப்பார். எஞ்சுவது உடற்பருமன் என்னும் ஒரே காரணி. இடையில் வேறெதுவும் நேராதிருப்பின் அப்பயணத்திற்கு ஊசி தேவைப்படாது. எளிதில் எழுந்து நடக்க நடைபாதையோர இருக்கையைக் கேட்டுப் பெற்றால் போதும்.