தமிழ்நாட்டில் எத்தனை கட்சிகள்?

2021 சட்டப்பேரவைத் தேர்தல் முடிவுப் பட்டியலைப் பார்த்துத் தமிழ்நாட்டில் எத்தனை கட்சிகள் என்று எண்ணினால் பத்து விரல் போதாது. ஆனால் டீக்கடையில் கேட்டால் "ரெண்டு கட்சிதான், மத்ததெல்லாம் சும்மா" என்பார்கள். இரண்டு பதிலிலும் உண்மை இருக்கிறது. பெயரை மட்டும் எண்ணினால் 38 சதவீதம் வாங்கிய கட்சியும் அரை சதவீதம் வாங்கிய கட்சியும் ஒன்றாகிவிடும். பெரிய இரண்டை மட்டும் எண்ணினால் மீதி வாக்காளர்கள் காணாமல் போய்விடுவார்கள். இந்தச் சிக்கலுக்கு மார்க்கு லாக்சோ, ரெய்ன் தாகெபெரா என்ற இரு ஆய்வாளர்கள் 1979-இல் ஒரு சூத்திரம் தந்தார்கள். அதில் கிடைக்கும் விடையைப் பயனுறு கட்சி எண்ணிக்கை என்று சொல்லலாம்.

```
N = 1 / (p1² + p2² + p3² + ...)
```

p என்பது ஒவ்வொரு கட்சியின் வாக்குப் பங்கு. 37.7 சதவீதத்தை 0.377 என்று எழுதிக்கொள்ள வேண்டும். ஒவ்வொன்றையும் அதே எண்ணால் பெருக்கி, எல்லாவற்றையும் கூட்டி, 1-ஐ அந்தக் கூட்டுத்தொகையால் வகுத்தால் N கிடைக்கும். சதவீதத்தை அப்படியே போட்டுவிட்டால் விடை 0.0004 போல ஒன்றுக்கும் கீழே வந்து நிற்கும். N எப்போதும் ஒன்றுக்குக் குறையாது என்பதால் தவறு உடனே தெரிந்துவிடும்.

எதற்கு வர்க்கப்படுத்த வேண்டும்? கண்ணை மூடிக்கொண்டு இரண்டு வாக்காளர்களைப் பிடித்து இழுப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். இருவரும் ஒரே கட்சிக்கு வாக்களித்தவர்களாக இருக்க எவ்வளவு வாய்ப்பு? வர்க்கங்களின் கூட்டுத்தொகை சொல்வது அதைத்தான். சரிசமமான நான்கு கட்சிகள் இருந்தால் அந்த வாய்ப்பு நாலில் ஒன்று, N = 4. ஆகவே N 3.8 என்றால், ஏறக்குறைய நான்கு சமபலக் கட்சிகள் இருக்கும் இடத்தில் வாக்கு எவ்வளவு சிதறுமோ அவ்வளவு சிதறியிருக்கிறது என்று பொருள். நான்கு கட்சிகள் இருக்கின்றன என்று பொருளல்ல.

2021-ஐப் போட்டுப் பார்ப்போம். திமுக 37.7 சதவீதம், வர்க்கம் 0.1421. அதிமுக 33.3, 0.1109. இந்த இரண்டுமே 0.2530 ஆகிவிட்டது. அடுத்து நாம் தமிழர் 6.6 (0.0044), காங்கிரஸ் 4.3 (0.0018), பாமக 3.8 (0.0014). பாஜகவும் மக்கள் நீதி மய்யமும் ஆளுக்கு 2.6, இரண்டும் சேர்ந்து 0.0014. அமமுக 2.4, 0.0006. இரு கம்யூனிஸ்ட் கட்சிகளும் விசிகவும் சேர்ந்து 0.0003. மொத்தம் 0.2629. ஒன்றை அதால் வகுத்தால் 3.80.

சின்னக் கட்சிகள் விடையை எவ்வளவு குறைவாக அசைக்கின்றன பாருங்கள். சுயேச்சைகளையும் உதிரிக் கட்சிகளையும் என்ன செய்வது என்று பலர் தலையைப் பிய்த்துக்கொள்வார்கள். இங்கே மிச்சம் மூன்று சதவீதம் சொச்சம். அதை விட்டுவிட்டால் 3.80, முழுவதையும் ஒரே கட்சி என்று வைத்தாலும் 3.79. சரியான விடை இந்த இரண்டுக்கும் நடுவில்தான் இருக்கும். 'மற்றவர்கள்' இருபது சதவீதமாக உள்ள மாநிலத்தில் இந்த இடைவெளி விரியும். அங்கே உதிரிகளைப் பிரித்து எண்ணாமல் விடையை நம்பக் கூடாது.

தமிழ்நாட்டில் உண்மையான தொல்லை வேறு. 3.80-ஐ வைத்து இது நான்குமுனை அரசியல் என்று எழுதினால் 2021 தேர்தலைப் பார்த்தவர்கள் சிரிப்பார்கள். அப்போது காங்கிரஸ் போட்டியிட்டது திமுக கூட்டணியில் கிடைத்த 25 தொகுதிகளில் மட்டும். நாம் தமிழர் 234-லும் நின்றது. ஒன்றின் 4.3 சதவீதமும் மற்றதன் 6.6 சதவீதமும் ஒரே வகை எண்கள் அல்ல. 2016-இல் காங்கிரசுக்கு 41 தொகுதிகள் கிடைத்தன, வாக்கு 6.4 சதவீதம். இடையில் ஆதரவு சரிந்ததா என்பதை இந்த எண்களை வைத்துச் சொல்ல முடியாது. சரிந்தது பேரத்தில் கிடைத்த தொகுதி எண்ணிக்கை. கூட்டணிக் கட்சியின் வாக்குப் பங்கு என்பது பாதி தொகுதிப் பங்கீட்டின் கணக்கு.

ஆகவே கூட்டணியையே ஓர் அலகாக வைத்து மறுபடி போடலாம். திமுக அணி 45.4, அதிமுக அணி 39.7, நாம் தமிழர் 6.6, அமமுகவும் தேமுதிகவும் சேர்ந்து 2.8, மக்கள் நீதி மய்யம் 2.6. வர்க்கங்களின் கூட்டுத்தொகை 0.3695; N 2.7. டீக்கடைப் பதிலுக்குப் பக்கத்தில் வந்துவிட்டோம்.

எது சரி என்று கேட்டால், கேள்வியைப் பொறுத்தது என்பேன். வாக்குச்சாவடியில் வாக்காளர் முன் இருந்த தேர்வுகளை அறியக் கூட்டணிக் கணக்கு. அடுத்த தேர்தலில் இந்த அணிகள் எத்தனை துண்டாக உடையக்கூடும் என்று அறியக் கட்சிக் கணக்கு. இரண்டையும் போடாமல் ஒன்றை மட்டும் போட்டால் என்ன ஆகும் என்பதற்கு 2014 மக்களவைத் தேர்தல் நல்ல சாட்சி. அதில் தமிழ்நாட்டில் அதிமுக 44.3, திமுக 23.6, பாஜக 5.5, தேமுதிக 5.1, பாமக 4.4, காங்கிரஸ் 4.3, மதிமுக 3.5, விசிக 1.5. கட்சிவாரியாக N எவ்வளவு தெரியுமா? 3.8. 2021-இல் வந்த அதே எண்!

இரண்டும் ஒரே மாதிரித் தேர்தலா? 2021-இல் இரண்டு பெரிய கட்சிகள் நாலு புள்ளி வித்தியாசத்தில் மல்லுக்கட்டின. 2014-இல் ஒரே கட்சி தனியாக நின்று அடுத்த கட்சியை இருபது புள்ளிக்கு மேல் பின்தள்ளியது. எதிரில் திமுக அணி, பாஜக அணி, காங்கிரஸ் என்று வாக்கு பிரிந்து கிடந்தது. கூட்டணிவாரியாகப் பார்த்தால் 2014-க்கு 3.3, 2021-க்கு 2.7, வித்தியாசம் அப்போதுதான் வெளியே வருகிறது.

இதே சூத்திரத்தில் வாக்குக்குப் பதில் இடங்களின் பங்கைப் போட்டால் அவைக்குள் எத்தனை கட்சி என்று தெரியும். 2014-இல் 39 இடங்களில் அதிமுக 37, பாஜக 1, பாமக 1, N 1.1. வாக்கில் 3.8 ஆக இருந்தது இடத்தில் 1.1 ஆகச் சுருங்கியது. திமுகவின் 23.6 சதவீதத்துக்கு ஓர் இடமும் இல்லை. அதிக வாக்கு வாங்கியவரே வெற்றி என்ற நமது முறை வாக்கை எவ்வளவு கசக்கிப் பிழிகிறது என்பதை இந்த இரண்டு எண்களின் இடைவெளி காட்டுகிறது.

2021-இல் இடங்களுக்கான N 2.44. ஆனால் தேர்தல் ஆணையக் கணக்கில் திமுகவுக்கு உள்ள 133 இடங்களில் மதிமுக உள்ளிட்ட தோழமைக் கட்சிகள் உதயசூரியன் சின்னத்தில் வென்ற எட்டும் அடக்கம். அவற்றைப் பிரித்து எழுதினால் 2.69, கூட்டணியாகச் சேர்த்தால் 159-க்கு 75, N 1.77. ஒரே பேரவைக்கு மூன்று விடை. 2.44 என்ற எண்ணை மட்டும் பார்க்கும் வெளியூர்க்காரர், ஆட்சியமைக்கக் கூட்டணி தேவைப்பட்டிருக்கும் என்று நினைக்கலாம். தேவைப்படவில்லை. 118 போதும், திமுகவின் சொந்த உறுப்பினர்களே 125. N-க்குப் பக்கத்தில் மிகப் பெரிய கட்சியின் பங்கையும் எழுதிவைத்தால் இந்தக் குழப்பம் வராது. அந்தப் பங்கு பாதியைத் தாண்டிவிட்டால், N எவ்வளவாக இருந்தாலும் அந்தக் கட்சி தனியாகவே ஆளலாம்.