வரைபடம், கலைப்பொருள், இசைப்பதிவு ஆகியவற்றை மேற்கோள் பட்டியலில் குறித்தல்

வரலாறு, இலக்கியம், நாட்டாரியல் போன்ற மானுடவியல் துறைகளில் எழுதப்படும் ஆய்வேடுகளின் இறுதியில் வரும் மேற்கோள் பட்டியலில் நூல்களும் கட்டுரைகளும் மட்டும் இடம்பெறுவதில்லை. ஆய்வாளர் பயன்படுத்திய வரைபடம், சிற்பம், ஓவியம், இசைத்தட்டு ஆகியவையும் அதில் இடம்பெற வேண்டும். ஒரு நூலை ஆசிரியர், தலைப்பு, பதிப்பகம், ஆண்டு ஆகிய நான்கு விவரங்களைக் கொண்டு எந்த நூலகத்திலும் கண்டுபிடித்துவிடலாம். மற்ற மூன்றுக்கும் இவை போதா. ஒரே பெயரில் பல பதிப்பு வரைபடங்கள் உண்டு. ஒரே கோயிலில் பல நடராசர் திருமேனிகள் இருக்கலாம். ஒரே பாடலை ஒரே பாடகர் பலமுறை பதிவு செய்திருக்கலாம். ஆகவே ஆய்வாளர் பார்த்ததும் கேட்டதும் அவற்றுள் எது என்பதைப் பதிவு செய்வதே இங்கு முதன்மையான வேலை.

எம்.எல்.ஏ. கையேடு, சிகாகோ கையேடு ஆகிய இரண்டும் இத்துறைகளில் பரவலாகப் பின்பற்றப்படுகின்றன. நிறுத்தக்குறிகளிலும் வரிசையிலும் இரண்டும் வேறுபடும். எதைப் பின்பற்றுவது என்பதை வழிகாட்டியிடம் கேட்டுக்கொள்ளலாம். விவரங்களைத் திரட்டும் வேலை இரண்டுக்கும் பொதுவானது. அதைப் பொருள் கையில் இருக்கும்போதே செய்துவிட வேண்டும்.

வரைபடம்

திருப்பூர்ச் சாயப்பட்டறைகளும் நொய்யல் ஆறும் பற்றி ஆய்வேடு எழுதும் ஒரு மாணவரை எடுத்துக்கொள்ளலாம். அவருக்கு முதலில் தேவைப்படுவது இந்திய நில அளவைத் துறையின் நிலக்கிடப்பு வரைபடம். இத்துறையின் பழைய வரிசைத் தாள்களுக்கு ஊர்ப்பெயரைவிட எண்ணே அடையாளம். தமிழகத்தின் பெரும்பகுதி, வடக்கு அகலாங்கு 8 முதல் 12 பாகை வரையும் கிழக்கு நெட்டாங்கு 76 முதல் 80 பாகை வரையும் பரவியுள்ள 58 என்ற கட்டத்துக்குள் அடங்கும். அந்தக் கட்டம் ஒரு பாகை அகலமுள்ள 16 சதுரங்களாகப் பிரிக்கப்பட்டு எழுத்துகளால் குறிக்கப்படுகிறது. ஒவ்வொரு சதுரமும் மேலும் 16 தாள்களாகப் பிரிந்து 1 முதல் 16 வரை எண் பெறுகிறது. எழுத்தும் எண்ணும் வடமேற்கு மூலையில் தொடங்கி மேலிருந்து கீழாக இறங்கி, பிறகு அடுத்த நெடுவரிசைக்குச் செல்லும். இந்தக் கணக்கின்படி திருப்பூர் நகரம் 58 E/8 என்ற தாளில் வருகிறது. அதன் அளவுவிகிதம் 1:50,000. தாளில் அச்சிட்டுள்ளபடியே இந்த எண்ணை எழுத வேண்டும். எழுத்தைத் தமிழாக்கினால் பிறரால் தேடி எடுக்க முடியாது.

தேசிய வரைபடக் கொள்கை 2005இல் வந்த பிறகு பொதுமக்களுக்கென வெளியிடப்பட்ட தாள்களுக்கு வேறு எண்முறை உண்டு. திருப்பூர்ப் பகுதிக்கு அது C43 எனத் தொடங்கும். இரு வரிசைகளின் ஆயக்கட்டமைப்பும் வேறுபடுவதால், பழைய எண்ணையும் புதிய எண்ணையும் மாற்றி எழுதுவது வேறொரு வரைபடத்தைக் காட்டுவதற்குச் சமம்.

மாணவர்கள் பெரும்பாலும் தவறவிடுவது ஆண்டை. நிலக்கிடப்புத் தாளின் ஓரங்களில் குறைந்தது இரண்டு ஆண்டுகள் அச்சிடப்பட்டிருக்கும். ஒன்று நிலத்தில் அளவை செய்த ஆண்டு, மற்றொன்று தாளை அச்சிட்ட ஆண்டு. இரண்டுக்கும் நடுவே பல ஆண்டு இடைவெளி இருக்கலாம். நொய்யலின் கீழ்ப்பகுதியிலுள்ள ஒரத்துப்பாளையம் அணை 1992இல் கட்டி முடிக்கப்பட்டது. அதற்கு முன் அளவை செய்யப்பட்டு, பிறகு மறுஅச்சான தாளில் அணை இராது. அச்சு ஆண்டை மட்டும் குறித்த மாணவர், அந்த ஆண்டில் அங்கு அணையே இல்லை என்ற முடிவுக்கு வந்துவிடுவார். சாயப்பட்டறைகளை மூடுமாறு சென்னை உயர்நீதிமன்றம் 2011 சனவரியில் ஆணையிட்டதற்கு முன்னும் பின்னும் ஆறு எப்படி இருந்தது என்று ஒப்பிடுவோருக்கு இந்த வேறுபாடு ஆய்வின் அடிப்படையையே தொடுகிறது. எனவே பட்டியலில் இரண்டு ஆண்டுகளும் வர வேண்டும்:

இந்திய நில அளவைத் துறை. தாள் 58 E/8. நிலக்கிடப்பு வரைபடம், 1:50,000. [எத்தனையாம்] பதிப்பு. அளவை [ஆண்டு]. தேராதூன்: இந்திய நில அளவைத் துறை, [அச்சு ஆண்டு].

சதுர அடைப்புக்குள் இருப்பவற்றைக் கையிலுள்ள தாளைப் பார்த்தே நிரப்ப வேண்டும். வரைந்தவர் பெயர் இல்லாத அரசு வரைபடங்களில் துறையே ஆசிரியராகிறது. பழைய தாளில் திருப்பூர் கோயம்புத்தூர் மாவட்டத்தில் இருப்பதாகவே காணப்படும், ஏனெனில் திருப்பூர் மாவட்டம் 2009இல்தான் உருவானது. தலைப்பில் அல்லது தாளில் உள்ள இப்பெயரை இன்றைய வழக்குக்கேற்பத் திருத்தக்கூடாது. விளக்கம் தேவையென்றால் அதை அடிக்குறிப்பில் தரலாம்.

இணையத்தில் வருடிய படியைப் பார்த்தவர் இன்னும் ஒரு விவரம் சேர்க்க வேண்டும். அமெரிக்க இராணுவ வரைபடச் சேவை 1950களில் 1:250,000 அளவில் வெளியிட்ட U502 வரிசைத் தாள்களை டெக்சாசு பல்கலைக்கழகத்தின் பெர்ரி-காசுடனேடா நூலகம் இணையத்தில் வைத்திருக்கிறது. இங்கு வெளியிட்டவர் ஒருவர், வழங்குபவர் வேறொருவர். பட்டியலில் முதலில் இராணுவ வரைபடச் சேவையும் வெளியீட்டு ஆண்டும், பிறகு நூலகத்தின் பெயரும் இணைய முகவரியும் பார்த்த நாளும் வர வேண்டும். நூலகத்தையே ஆசிரியராக எழுதிவிடுவது அடிக்கடி காணப்படும் பிழை. வருடிய படியைச் சுருக்கி அச்சிட்டால் 1:250,000 என்ற விகிதம் அந்தத் தாளுக்குப் பொருந்தாது. பட்டியலில் மூல விகிதத்தையே எழுதலாம். தூரத்தை அளக்க வரைபடத்திலுள்ள கோட்டு அளவையையே நம்ப வேண்டும், ஏனெனில் படத்தோடு சேர்ந்து அதுவும் சுருங்கியிருக்கும்.

கலைப்பொருள்

ஓவியத்துக்கும் சிற்பத்துக்கும் கலைஞர், தலைப்பு, படைத்த ஆண்டு, பொருளும் அளவும், இருக்குமிடம், அங்கு அதற்குரிய பதிவெண் ஆகியவை வேண்டும். சிகாகோ முறை ஊடகத்தையும் அளவுகளையும் கேட்கிறது. எம்.எல்.ஏ. முறையில் அவை கட்டாயமில்லை. தமிழகக் கோயிற்கலையில் முதல் மூன்று விவரங்களும் பெரும்பாலும் கிடைப்பதில்லை. சிற்பியின் பெயர் தெரியாது, தலைப்பென ஒன்றும் இராது, ஆண்டு நூற்றாண்டுக் கணக்கில்தான் கிடைக்கும். அப்போது உருவத்தின் பெயரே பதிவின் முதற்சொல்லாகிறது. ‘பெயர் தெரியாதவர்’ என்று தொடங்கினால் பட்டியலில் பத்துப் பதிவுகள் ஒரே இடத்தில் குவிந்துவிடும், யாருக்கும் பயன் இராது.

மீதமிருக்கும் இருப்பிடமும் பதிவெண்ணும் எவ்வளவு எடை தாங்குகின்றன என்பதற்கு அரியலூர் மாவட்டத்துச் சிறீபுரந்தான் நடராசர் நல்ல சான்று. சோழர் காலத்து இச்செப்புத் திருமேனி கோயிலிலிருந்து திருடப்பட்டுக் கைமாறி, 2008இல் கான்பெர்ராவிலுள்ள ஆசுதிரேலிய தேசியக் கலைக்கூடத்தால் ஏறத்தாழ 50 இலட்சம் அமெரிக்க டாலருக்கு வாங்கப்பட்டது. புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் கோயில்களில் எடுத்துப் பாதுகாத்துவந்த பழைய ஒளிப்படங்களோடு ஒப்பிட்டபோது இரண்டும் ஒரே திருமேனி எனத் தெரிந்தது. 2014 செப்டம்பரில் அது இந்தியாவிடம் ஒப்படைக்கப்பட்டது. எந்தக் கோயிலில் எடுத்த படம் என்ற குறிப்பு அந்த ஒளிப்படத்தோடு இல்லாமலிருந்தால், அது அழகான ஒரு நடராசர் படமாக மட்டுமே நின்றிருக்கும்.

இத்திருமேனியை 2008க்கும் 2014க்கும் இடைப்பட்ட நூல்களிலிருந்து எடுத்தாளும் மாணவர், அங்கு அச்சாகியுள்ள ‘கான்பெர்ரா’ என்ற இருப்பிடத்தை அப்படியே எழுதினால் தவறாகும். அதை அழித்துவிட்டாலும் பழைய நூலோடு தொடர்பு அறுந்துவிடும். இரண்டையும் காட்டும் பதிவு இப்படி அமையும்:

நடராசர். ஏறத்தாழ 11–12ஆம் நூற்றாண்டு, சோழர் காலம். செப்புத் திருமேனி, [உயரம்] செ.மீ. மூல இடம்: சிறீபுரந்தான், அரியலூர் மாவட்டம். ஆசுதிரேலிய தேசியக் கலைக்கூடம், கான்பெர்ரா, 2008–2014. 2014இல் இந்தியாவிடம் ஒப்படைக்கப்பட்டது.

திருமேனியை நேரில் காணாமல் நூலில் உள்ள படத்தை மட்டும் பார்த்தவர், இதன் தொடர்ச்சியாக அந்த நூலின் முழு விவரத்தையும் படத்தின் எண்ணையும் எழுத வேண்டும். ஆய்வுக்குப் பயன்பட்டது ஒளிப்படமே என்றால், பதிவு ஒளிப்படத்துக்கு உரியதாக மாறும். எடுத்தவர் அல்லது காப்பகம், எடுத்த ஆண்டு, காப்பக எண் என்ற வரிசையில் அது அமையும்.

இக்காலச் சிற்பங்களுக்கு இத்தனை இடர் இல்லை. திருப்பூரை அடுத்த திருமுருகன்பூண்டியில் இன்றும் கற்சிற்பப் பட்டறைகள் இயங்குகின்றன. அங்கு செய்த சிலையைப் பற்றி எழுதுபவர் சிற்பியிடமே பெயரையும் செய்த ஆண்டையும் கல்லின் வகையையும் கேட்டு எழுதலாம். கேட்காமல் விட்டால், இன்னும் ஐம்பது ஆண்டுகளில் அதுவும் பெயர் தெரியாத சிற்பியின் படைப்பாகிவிடும்.

இசைப்பதிவு

இசைப்பதிவில் பல பேருடைய உழைப்பு சேர்ந்திருக்கிறது. பாடலை இயற்றியவர், இசையமைத்தவர், பாடியவர், வெளியிட்ட நிறுவனம் ஆகியோருள் யார் பெயரில் பதிவைத் தொடங்குவது என்பதை ஆய்வின் நோக்கமே முடிவு செய்கிறது. வேங்கடேச சுப்ரபாதம் 15ஆம் நூற்றாண்டில் பிரதிவாதி பயங்கரம் அண்ணன் இயற்றிய வடமொழித் துதி. எம்.எஸ். சுப்புலட்சுமி அதைப் பாடிய இசைத்தட்டு 1963இல் எச்.எம்.வி. முத்திரையுடன் வெளிவந்தது. துதியின் பொருளை ஆராய்பவர் அண்ணனில் தொடங்கலாம். தேநீர்க்கடைகளில் விடியற்காலையில் ஒலிக்கும் குரலைப் பற்றி எழுதுபவர் பாடியவரில் தொடங்க வேண்டும்:

சுப்புலட்சுமி, எம்.எஸ்., பாடியவர். வேங்கடேச சுப்ரபாதம். இயற்றியவர் பிரதிவாதி பயங்கரம் அண்ணன். எச்.எம்.வி., [தட்டு எண்], 1963. நெடுநேர இசைத்தட்டு.

தமிழ்ப் பெயர்களில் முன்னெழுத்து பெரும்பாலும் தந்தை பெயரையோ ஊரையோ குறிப்பது. அதைக் குடும்பப் பெயராகக் கொள்ளாமல், சொந்தப் பெயரின் அகரவரிசையிலேயே பட்டியலில் இடம் தர வேண்டும்.

இதே பதிவைக் கைப்பேசிச் செயலியில் கேட்கும் மாணவருக்கு அங்கு வேறோர் ஆண்டு தென்படலாம். அது பெரும்பாலும் மறுவெளியீட்டு ஆண்டோ கணினிப் பதிவாக ஏற்றிய ஆண்டோ ஆகும். நிறுவனத்தின் பெயரும் சரிகம என்று இருக்கும், ஏனெனில் எச்.எம்.வி. முத்திரையுடன் தட்டுகளை வெளியிட்ட இந்திய கிராமபோன் கம்பெனிதான் 2000இல் அப்பெயரை ஏற்றது. செயலியில் கேட்டவர் முதல் வெளியீட்டு ஆண்டைத் தந்து, செயலியின் பெயரையும் கேட்ட நாளையும் அதன்பின் எழுதலாம். தட்டைப் பார்க்காமலேயே தட்டு எண்ணை வேறெங்கிருந்தோ எடுத்து எழுதக்கூடாது. மறுவெளியீட்டில் ஒலி திருத்தப்பட்டிருக்கலாம், நீளமும் மாறியிருக்கலாம்.

நிமிடத்துக்கு 78 சுற்றுச் சுழலும் பழைய தட்டுகளில் சிக்கல் வேறு. கொடுமுடியில் பிறந்த கே.பி. சுந்தராம்பாள் காலத்துத் தட்டுகள் பலவற்றின் ஒட்டுச்சீட்டில் ஆண்டு இருப்பதில்லை. பக்கத்துக்கு ஏறத்தாழ மூன்று நிமிடமே பிடிக்கும் என்பதால் நீண்ட பாடலை இரு பக்கங்களிலும் பிரித்துப் பதிந்திருப்பார்கள். எந்தப் பக்கம் என்பதையும் குறிக்க வேண்டும். ஒட்டுச்சீட்டில் அச்சான விற்பனை எண்ணைத் தவிர, சீட்டைச் சுற்றியுள்ள வெற்றுப் பகுதியில் பொறித்த மற்றோர் எண்ணும் காணப்படும். அது அந்தப் பதிவுக்கே உரிய அச்சு எண். ஒரே பாடலை இருமுறை பாடிப் பதிந்திருந்தால் இரண்டையும் பிரித்தறிய அந்த எண்ணே உதவும். தட்டை வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் படிக்கலாம். ஆண்டு கிடைக்காவிட்டால் ‘ஆண்டு இல்லை’ என்று எழுதிவிடலாம். நிறுவனத்தின் பழைய விற்பனைப் பட்டியலைக் கொண்டு கணித்திருந்தால் அந்த ஆண்டைச் சதுர அடைப்புக்குள் வினாக்குறியுடன் தரலாம்.

மாணவர் தாமே கொங்கு ஊர்களில் வள்ளி கும்மிப் பாடல்களைக் கைப்பேசியில் பதிந்திருந்தால் தட்டு எண்ணும் நிறுவனமும் இரா. பாடியவரின் பெயர் அவருடைய இசைவுடன், பாடலின் முதற்சொல், பதிந்தவர், ஊர், நாள், நேர நீளம், கோப்பு எங்கே பாதுகாக்கப்பட்டுள்ளது ஆகியவற்றைத் தர வேண்டும். கடைசி விவரம் இல்லாத பதிவை வேறு எவராலும் கேட்டுச் சரிபார்க்க முடியாது. ஆகவே கோப்பின் ஒரு படியைத் துறை நூலகத்தில் சேர்த்து, அங்கு தரப்படும் எண்ணைப் பெற்ற பிறகே பட்டியலில் அதை எழுதுவது நல்லது.