நெபுலைசர் கப்பில் தேங்கும் மிச்ச மருந்து... குழந்தைக்கு ஆபத்தா? சுத்தம் செய்வது எப்படி?

ராத்திரி குழந்தைக்கு நெபுலைசர் வைத்துவிட்டு, காலையில் அதே கப்பில் அடுத்த டோஸை ஊற்றுபவரா நீங்கள்? கொஞ்சம் நில்லுங்க!

மருந்து முடிந்தாலும் கப்பின் அடியில் சில துளிகள் தங்கிவிடும். அந்த ஈரத்தில் கிருமிகள் வளரும். அடுத்த முறை மெஷினைப் போட்டதும், அவை மருந்துப் புகையோடு நேராக நுரையீரலுக்குள் போகும்.

அதனால் ஒவ்வொரு முறையும் மிச்சத்தைக் கொட்டிவிட்டு, கப்பையும் மாஸ்க்கையும் கழற்றி, சோப்பு கலந்த வெதுவெதுப்பான நீரில் கழுவுங்கள். துணியால் துடைக்க வேண்டாம். துணியிலும் கிருமி இருக்கும். சுத்தமான டவலில் காற்றாட உலர விடுங்கள். தினமும் ஒருமுறை கப்பை 5 நிமிடம் கொதிக்க வைக்கலாம். ஆனால், கொதிக்க வைக்கலாமா என்று மெஷினோடு வந்த குறிப்பில் பார்த்துவிட்டுச் செய்யுங்கள்.

டியூபைக் கழுவக் கூடாது. உள்ளே ஈரம் தெரிந்தால், கப்பைக் கழற்றிவிட்டு மெஷினை ஓட விடுங்கள், காற்றிலேயே காய்ந்துவிடும். கரும்புள்ளி தெரிந்தால் புது டியூப்தான்.

மருந்தில் குழாய்த் தண்ணீரோ தைலமோ கலக்கவே கூடாது. டாக்டர் சொன்ன மருந்தும், புதிதாக உடைத்த சலைன் ஆம்பியூலும் மட்டும்தான். மாஸ்க் முகத்தோடு ஒட்டியிருக்கணும். தள்ளிப் பிடித்தால் மருந்து காற்றோடு போய்விடும்.

நெபுலைசர் வைத்த பிறகும் மூச்சு விடும்போது விலா எலும்புக்குக் கீழே குழி விழுந்தாலோ, உதடு நீலமானாலோ அடுத்த டோஸுக்குக் காத்திருக்காதீங்க. உடனே 108-ஐ அழையுங்கள்.