பிந்தி வந்த பெட்டியும் நட்ட ஈடும்

இலண்டனிலிருந்து இருவழிப் பிரயாணச் சீட்டுடன் யாழ்ப்பாணத்துக்குத் தங்கையின் திருமணத்துக்கென வரும் அம்மையார் ஒருவரை எண்ணிக்கொள்வோம். கட்டுநாயக்காவில் அவர் இறங்கிவிட்டார். அவருடைய பெட்டி இறங்கவில்லை. நான்காம் நாள் அது வீடு வந்து சேர்ந்தபோது திருமணம் முடிந்துவிட்டது. இடையில் சேலையும் பிறவும் வாங்க அவர் செலவிட்டது 37,500 ரூபா. விமானக் கம்பனியிடம் அவர் கேட்பதோ ஏறக்குறைய 2,000 டொலர்!

அத்தொகையை அவர் கற்பனையிற் கண்டெடுக்கவில்லை. சர்வதேச விமானப் பயணத்துக்கான 1999ஆம் ஆண்டு மொன்றியல் உடன்படிக்கையின்படி, பொதி தொலைந்தாலோ சேதமுற்றாலோ பிந்தினாலோ ஒரு பிரயாணிக்குரிய பொறுப்பின் எல்லை 1,519 சிறப்பு எடுப்பனவு உரிமைகள். சர்வதேச நாணய நிதியத்தின் இக்கணக்கு அலகில் இத்தொகை 2024 டிசம்பர் 28 முதல் நடைமுறையில் உள்ளது. ஆயின் அது உச்ச வரம்பே. எல்லோருக்கும் அளந்து கொடுக்கும் படியன்று. நேர்ந்த நட்டத்தைக் காட்டினால் வரம்புவரை பெறலாம். இந்த வேறுபாட்டை விளங்காமையாலேயே வழக்குகள் பல வளர்கின்றன.

முறைப்பாட்டை ஆராயும் உத்தியோகத்தர் இங்கு மறுக்கத்தான் வேண்டும். ஆனால், “இது எமது கம்பனியின் விதியன்று” என்று ஒரே வரியில் எழுதுவது மரியாதையுமன்று, எப்போதும் சட்டமுமன்று. கம்பனி தானே வகுத்த விதி உடன்படிக்கையின் எல்லையைவிடக் குறைந்த தொகையை நிர்ணயித்தால், அவ்விதி செல்லாது. ஆதலின் காரணம் கூறியே மறுத்தல் வேண்டும். அக்கடிதம் ஏறக்குறைய இவ்வாறு அமையலாம்:

“அம்மணி, தங்கையின் திருமணத்தில் தங்களுக்கு நேர்ந்த மனவருத்தத்துக்கு எமது பிழையே காரணம், வருந்துகிறோம். தாங்கள் கேட்ட முழுத் தொகையை வழங்க இயலாது. அது உச்ச வரம்பு, தாங்கள் காட்டிய செலவு 37,500 ரூபா. அதனை முழுமையாகச் செலுத்துகிறோம். பற்றுச்சீட்டுத் தவறிய செலவு வேறு இருப்பின், வங்கி அட்டைக் கணக்கினைக் காட்டினால் அதனையும் ஆராய்வோம். அடுத்த பயணத்துக்கு ஒரு கழிவுச் சீட்டும் அனுப்புகிறோம். அதனை ஏற்பதனால் தங்கள் உரிமை எதுவும் குறையாது.”

இறுதி வாக்கியத்தைக் கவனியுங்கள். கழிவுச் சீட்டைக் கையிற் கொடுத்துவிட்டு, பணத்துக்குரிய உரிமையைக் கைவிட்டதாகக் கையொப்பம் வாங்குவதைச் சலுகை என்று சொல்வதற்கில்லை. அது வியாபாரத் தந்திரம்.

மறுப்பில் அம்மையார் திருப்தியடையாவிடின், வந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுள் நீதிமன்றத்தை நாடலாம். ஆனால் பொதி பிந்தியதற்கான எழுத்து முறைப்பாடு, பெட்டி கைக்கு வந்த 21 நாட்களுள் கம்பனிக்குக் கொடுக்கப்பட்டோ அனுப்பப்பட்டோ இருத்தல் வேண்டும். பெட்டி உடைந்திருந்தால் 7 நாட்களுள். விமான நிலையத்திலேயே பொதி முறைப்பாட்டுப் படிவத்தை நிரப்பி, அதன் பிரதியைப் பற்றுச்சீட்டுகளுடன் பத்திரப்படுத்திக்கொண்டால் பின்னர் அலைச்சல் குறையும்.