ஏழு மீட்டர் என்றால் எவ்வளவு உயரம்?

2013 நவம்பர் 8 அன்று காலை ஹையான் புயல் பிலிப்பைன்ஸின் டாக்லோபன் நகரைத் தாக்கியது. ‘ஸ்டார்ம் சர்ஜ்’ 7 மீட்டர் வரை எழலாம் என்று வானிலை மையம் முன்கூட்டியே எச்சரித்திருந்தது. ஆனாலும் கரையோரத்தில் பலர் வீட்டைவிட்டு நகரவில்லை. அந்தச் சொல் புரியவில்லை, சுனாமி என்று சொல்லியிருந்தால் ஓடியிருப்போம் என்று பிழைத்தவர்கள் பிறகு சொன்னார்கள். நாடு முழுக்க இறந்தவர்கள் சுமார் 6,300 பேர் என்றது அரசுக் கணக்கு.

அப்படியானால் சுனாமி என்றே சொல்லிவிடலாமா? கூடாது. சுனாமி என்றால் நிலநடுக்கத்துக்குப் பிறகு வருவது என்று மக்கள் அறிவார்கள். இதுவோ புயற்காற்று கடலைத் தள்ளிக்கொண்டு வருவது. தண்ணீர் ஏறும் நேரத்தில் காற்றும் உச்சத்தில் இருக்கும், வெளியே காலை வைக்க முடியாது. ஆகவே காற்று வலுக்கும் முன்பே கிளம்ப வேண்டும். எச்சரிக்கை எழுதும்போது காரணம் பற்றி இந்த அளவு சொன்னால் போதும். காற்றழுத்தம் குறைவதாலும் கடல் மட்டம் உயரும் என்பது உண்மைதான். ஆனால் அதைத் தெரிந்துகொள்வதால் குப்பத்தில் இருப்பவர் செய்யப்போவது எதுவும் மாறாது. அதை விட்டுவிடலாம்.

விடக்கூடாத ஒன்று உண்டு. நம் வானிலை அறிக்கைகளில், வானியல் ஓதத்துக்கு மேல் 1 மீட்டர் உயரத்துக்குக் கடல் எழும் என்ற பொருளில் ஒரு வரி வரும். ஓதம் என்பது அன்றாட ஏற்றவற்றம். புரியாத சொல்லாயிற்றே என்று அதை வெட்டி, ‘கடல் 1 மீட்டர் உயரும்’ என்று எளிமையாக்குவது பெரிய தவறு. ஒரு குடிசையின் தரை, சராசரிக் கடல் மட்டத்திலிருந்து 1 மீட்டர் மேலே இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஏற்றத்தின்போது கடல் அரை மீட்டர் கூடியிருக்கும் என்றால், புயல் அந்த நேரத்தில் கரையேறும்போது தண்ணீர் ஒன்றரை மீட்டருக்கு வரும். வீட்டுக்குள் முழங்காலளவு நிற்கும், அலை அதற்கும் மேலே அடிக்கும். வற்றத்தின்போது கரையேறினால் வாசலைத் தொடாமலே போகலாம். ஆகவே ‘ஓதம்’ என்ற சொல் போகட்டும், ‘இரவு 11 மணி ஏற்றத்தோடு சேர்ந்தால் தண்ணீர் முழங்காலுக்கு வரும்’ என்ற செய்தி இருந்தே ஆக வேண்டும்.

எழுதியது சரியாகப் போய்ச் சேர்ந்ததா என்று பார்க்க ஒரே வழிதான். படித்தவரிடம் ‘புரிந்ததா?’ என்று கேட்டால் ஆமாம் என்றுதான் சொல்வார். ‘எத்தனை மணிக்குக் கிளம்புவீர்கள், எங்கே போவீர்கள்?’ என்று கேளுங்கள். பதிலில் தடுமாற்றம் இருந்தால் குறை எழுத்தில்தான்.

இத்தகைய எச்சரிக்கைக்காக அமெரிக்கப் புயல் மையம் 2014 முதல் வரைபடம் வெளியிடுகிறது. அதில் இருப்பது கடல் மட்டக் கணக்கு அல்ல, நிற்கும் தரைக்கு மேல் எத்தனை அடி தண்ணீர் என்பது. 3 அடி வரை நீலம், 9 அடிக்கு மேல் சிவப்பு. நம் கரையோர ஊர்களுக்கான எச்சரிக்கையிலும் அந்தத் தரைக்கு மேலான அளவு முதல் வரியிலேயே வரட்டும்.